"அது பழைய வீடியோ தம்பி": கல்மண்டபத்திலிருந்து ஒரு திருத்தம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு விருந்தினர் யாரும் இல்ல. நான் மட்டும்தான். ரெகார்ட் பண்ற இடம் கல்மண்டபம், எங்க வீட்டு மாடி. பின்னாடி ஹார்ன் சத்தம் கேட்டா மன்னிச்சிடுங்க, காசிமேட்டுக்கு ஐஸ் வண்டி போற நேரம் இது.

இந்த எபிசோட்ல நான் பண்ண ஒரு தப்பைப் பத்திப் பேசப்போறேன். 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயலுக்கு அப்புறம், எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவினப்போ, நான் ஒரு வீடியோவை ஃபார்வர்ட் பண்ணேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த வீடியோ. அதனால என் சித்தப்பா ஒரு கூட்டத்துல பேச முடியாம போச்சு. அந்த ஒரு வீடியோவை வெச்சு, செய்தியைப் பார்க்கறவங்க யாரு, செய்தியை உருவாக்குறவங்க யாருங்கிற கோடு எங்க அழிஞ்சிருக்குன்னு யோசிக்கலாம்.

தண்ணி லாரி குரூப்

முதல்ல பின்னணி. எங்க தெருவுல ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. ஆரம்பிச்சது மெட்ரோ வாட்டர் லாரிக்காக. லாரி எந்த முனையில நிக்குது, இன்னும் எவ்ளோ நேரம் நிக்கும், இதுதான் விஷயம். பிறகு கரண்ட் கட், ரேஷன் கடையில பாமாயில் வந்துச்சா, எந்த சப்வேல தண்ணி நிக்குது என்று வளர்ந்தது. ஒரு கட்டத்தில் திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் பக்கத்து சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். அட்மின்களில் நானும் ஒருத்தன்.

அந்த குரூப்பில் "வாசகர்" என்று யாரையாவது காட்ட முடியுமா? லாரி எங்கேன்னு கேக்குற அக்காவே குடத்தோட கீழே இறங்கினதும், "பிள்ளையார் கோயில்கிட்ட நிக்குது, சீக்கிரம் வாங்க"ன்னு வாய்ஸ் போடுறாங்க. கேட்டவங்களும் அவங்கதான், சொன்னவங்களும் அவங்கதான். நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம்.

ஆக்ஸல் ப்ரூன்ஸ் என்ற ஊடக ஆய்வாளர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். 2008-ல் வந்த அவருடைய புத்தகத்தில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். புரொடியூசேஜ். புரொடக்‌ஷன், யூசேஜ், இரண்டையும் ஒட்டவைத்த சொல். பயன்படுத்துவதும் உருவாக்குவதும் தனித்தனி ஆட்கள் செய்யும் தனித்தனி வேலையாக இல்லாமல், பயன்படுத்தும்போதே உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு பொருள். அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ஒன்று, இப்படி உருவாகும் பொருள் எப்போதுமே முடியாதது. பத்திரிகை மாதிரி ராத்திரி அச்சுக்குப் போய் முடிந்துவிடாது. இன்னொன்று, அது சரியா தப்பா என்று பார்ப்பது ஒரு ஆசிரியர் அல்ல, கூட்டம். இந்த இரண்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. என் தப்பு நடந்ததும் இதுலதான், பிடிபட்டதும் இதுலதான்.

சென்னைக்காரர்களுக்கு இது புதுசே கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து ஒரு வரைபடம் இணையத்தில் வந்தது. உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவைத் தொட வேண்டும். அது நிறம் மாறும். வீட்டுக்கு எந்த வழியாகப் போவது என்று பார்க்கத் திறந்தவர், தான் நின்ற தெருவைத் தொட்டுவிட்டுப் போனார். அடுத்தவருக்கு அது செய்தி ஆனது.

ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கு. தண்ணி ஏறும்போது தொடறதுக்கு ஆயிரம் பேர் இருப்பாங்க. தண்ணி வடிஞ்சப்புறம் யாரு வந்து அந்த நிறத்தை எடுப்பாங்க? வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவருக்கு அந்த வரைபடம் அப்புறம் தேவையில்லை. முடியாத பொருளுக்கு இதுதான் பெரிய ஆபத்து. சேர்க்கிறவங்க நிறைய, திருத்துறவங்க கம்மி. என் வீடியோ கதையும் இதேதான்.

2017: வாளி

அந்த வீடியோ எங்கிருந்து வந்தது என்று சொல்ல, 2017 ஜனவரி 28-க்குப் போகணும். அன்று விடியற்காலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று எரிவாயு ஏற்றி வந்து இறக்கிவிட்டுக் கிளம்பிய பிடபிள்யூ மேப்பிள். இன்னொன்று பெட்ரோலியப் பொருள் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். துறைமுகத்திலிருந்து வந்த முதல் அறிவிப்பு, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்றது.

ஆனால் எர்ணாவூர் கரையில் கறுப்பாக, கெட்டியாக, தார் மாதிரி ஒன்று வந்து ஒதுங்க ஆரம்பித்தது. கரையில் இருந்தவர்கள் போனில் படம் எடுத்தார்கள். கடல் ஆமைகள் செத்து ஒதுங்கின படங்களும் வந்தன. கொட்டியது ஏதோ கொஞ்சம் என்று முதலில் சொல்லப்பட்ட அளவு, கடைசியில் ஏறத்தாழ 200 டன் அளவுக்குப் போனது. கப்பலின் எஞ்சினுக்கான கனமான எரிஎண்ணெய் அது.

அந்தச் சம்பவத்துல உங்களுக்கு ஞாபகம் இருக்கிற படம் எதுன்னு கேட்டா, நிச்சயமா வாளிதான். கல் கொட்டிய கரையில் வரிசையாக நின்று, மாணவர்களும் தன்னார்வலர்களும் மீனவர்களும் பணியாளர்களும் கையால் எண்ணெயை அள்ளி வாளியில் ஊற்றிக் கைமாற்றினார்கள். இயந்திரங்கள் சரியாக வேலை செய்யவில்லை. சேறாகிப்போன எண்ணெயைக் கையால்தான் எடுக்க முடிந்தது. அந்தப் படங்கள் நாடு முழுக்கப் போயின. கரையில் நின்றவர்கள் எடுத்த படங்கள் இல்லையென்றால், முதல் அறிவிப்பு இன்னும் எத்தனை நாள் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவரைக்கும் நல்ல கதை. நாம எல்லாரும் சொல்ற கதை. "மக்கள் எடுத்தாங்க, உண்மை வெளிய வந்துச்சு." ஆனா அந்தப் படங்கள் 2017-லயே நிக்கல.

2023: என் தப்பு

2023 டிசம்பர் 4. புயல், விடாத மழை. எங்க ஏரியாவுல கரண்ட் இல்ல, டவர் வந்து வந்து போகுது. மணலி பக்கம் வீடுகளுக்குள்ள தண்ணி. அந்தத் தண்ணியிலயே எண்ணெய் வாசனைன்னு மெசேஜ் வர ஆரம்பிச்சது. அந்த எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு, அதாவது எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. மணலியில் உள்ள சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்துதான் வெள்ளநீரோடு எண்ணெய் வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு சொன்னது. குழாயில் கசிவு எதுவும் இல்லை என்றது நிறுவனம். பசுமைத் தீர்ப்பாயம் விசாரணைக்கு எடுத்தது. இதெல்லாம் நாளிதழ்களில் வந்தது.

என் சித்தப்பா காட்டுக்குப்பம். கழிமுகத்துல இறால் பாடு பண்றவர். டவர் வந்த ஒரு நேரத்துல அவர் ஒரு வீடியோ அனுப்பினார். பன்னிரண்டு செகண்ட். கை ஆடுது, பாதி நேரம் அவர் விரல்தான் தெரியுது. ஒரு ஃபைபர் போட்டோட பக்கம், அதுல ஒரு கறுப்புக் கோடு, கீழே பளபளன்னு தண்ணி. அவ்ளோதான். "குரூப்புல போடுறா"ன்னு சொன்னார்.

நான் அதைப் போட்டேன். அதே நேரத்துல வேற ஒரு குரூப்புலேர்ந்து இன்னொரு வீடியோ வந்தது. தெளிவான வீடியோ. வரிசையா ஆளுங்க, வாளி வாளியா கறுப்பு எண்ணெய். "எண்ணூர் இன்று காலை"ன்னு மேல எழுதியிருந்தது. சித்தப்பா வீடியோவை விட இது நல்லா இருக்கேன்னு நினைச்சேன். நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன். மூணு குரூப்புல போட்டேன். அங்கேர்ந்து அது எங்க போச்சுன்னு எனக்கே தெரியாது.

அன்னிக்கு சாயந்திரம் எர்ணாவூர்ல இருக்கிற ஒரு அக்கா எழுதினாங்க. "தம்பி, நீ போட்டியே, அது நம்ம கல்லு. பின்னாடி அலை அடிக்குது பாரு. இப்ப எண்ணெய் வந்திருக்கிறது ஆத்துக்குள்ள. அது பழைய வீடியோ தம்பி."

அக்கா சொன்னதை மறுபடி கேளுங்க. அவங்க எந்த ஆப்பும் வெச்சுப் பார்க்கல. 2017-ல் எண்ணெய் கடலிலிருந்து வந்தது. அதனால் படத்தில் கருங்கல் கரையும் அலையும் இருக்கும். 2023-ல் எண்ணெய் ஆற்று வழியாக வந்தது. அதனால் படத்தில் அலையில்லாத தண்ணீரும், அலையாத்திச் செடிகளும், கட்டிப்போட்ட படகுகளும் இருக்கும். எண்ணெய் வந்த திசை தெரிந்தால் எந்த வருஷத்துப் படம் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இது இரண்டு செகண்ட் வேலை. ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற எனக்கு அது தெரியல.

உடனே டெலீட் பண்ணேன். அதுதான் இரண்டாவது தப்பு. அது ஏன் தப்புன்னு அப்புறம் சொல்றேன்.

ரெண்டு நாள் கழிச்சு அவங்க பக்கத்துல ஒரு கூட்டம். பாதிப்பு என்ன, யாருக்கு என்னன்னு கேக்குறாங்க. சித்தப்பா எழுந்து போனைக் காட்டினார். அங்க இருந்த ஒருத்தர், யாருன்னு நான் சொல்லப்போறதில்ல, "இதெல்லாம் வாட்ஸ்அப்ல சுத்துற பழைய வீடியோங்க, 2017-லது"ன்னு சொல்லிட்டார். சித்தப்பா கையில இருந்தது அவரே எடுத்த வீடியோ. ஆனா அதுக்குள்ள அந்த வாளி வீடியோ எல்லாரும் பார்த்தாச்சு, அது பழசுன்னும் தெரிஞ்சாச்சு. ஒண்ணு பழசுன்னா எல்லாமே பழசு. சித்தப்பா உட்கார்ந்துட்டார்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணார். திட்டல. "நீ போட்டது நல்லாத்தான்டா இருந்துச்சு, ஆனா அது நம்மளுது இல்ல"ன்னார்.

பன்னிரண்டு செகண்ட்ல என்ன இருக்கணும்

அதுக்கப்புறம் நாங்க சில பேர் உட்கார்ந்து, எப்படி எடுக்கணும், எப்படி அனுப்பணும்னு பேசினோம். எர்ணாவூர் அக்கா, சித்தப்பா, கோர்ட் வேலை தெரிஞ்ச ஒரு நண்பர், நான். அதுலேர்ந்து வந்ததைச் சொல்றேன்.

முதல் விஷயம், ஃபைல். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருங்கும். அதோடு, படத்துக்குள்ளே கேமரா எழுதிவைத்த விவரங்கள், எப்போது எடுத்தது, எந்த போன், லொக்கேஷன் ஆனில் இருந்தால் எந்த இடம், எல்லாம் போய்விடும். அதே படத்தை "டாக்குமென்ட்" ஆக இணைத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். ஒரே போன், ஒரே படம், அனுப்புற விதம்தான் வேற.

இதுல ஒரு பொறி இருக்கு. ஆண்ட்ராய்ட் போன்ல வாட்ஸ்அப்லேர்ந்து சேமிச்ச படத்தோட பேர் IMG-20231206-WA0012.jpg மாதிரி இருக்கும். நடுவுல தேதி இருக்கே, அப்போ டிசம்பர் 6 எடுத்ததுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. அது உங்க போனுக்கு வந்து சேர்ந்த தேதி. 2017 படத்தை 2023-ல் வாங்கினால் 2023 என்றுதான் காட்டும். நானும் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் நம்பினேன்.

இரண்டாவது, எப்படி எடுப்பது. எண்ணெயை மட்டும் கிட்டப்போய் எடுத்தால் அது எந்த ஊர் எண்ணெய் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் நகராத ஒன்றைக் காட்டணும். எண்ணூரில் அனல்மின் நிலையப் புகைபோக்கி, ரயில் பாலம், பாலத்துத் தூண், இப்படி ஏதாவது. அங்கே மூன்று நான்கு செகண்ட் நிறுத்தி, கட் பண்ணாமல், மெதுவாக இறக்கி எண்ணெய்க்கு வரணும். வாயால் தேதி, நேரம், இடம் சொல்லணும். அளவு தெரிய பக்கத்தில் ஒரு துடுப்போ, ஒரு மக்கோ வைக்கணும். பாட்டு சேர்க்கக்கூடாது, மேலே எழுத்து எழுதக்கூடாது. படகு என்றால் பதிவு எண் தெரியணும்.

மூன்றாவது, நேரம். இதைச் சித்தப்பாதான் சொல்லிக்கொடுத்தார். கழிமுகத்தில் கடல் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே ஏறும், இரண்டு தடவை இறங்கும். இறங்கும்போது மேலே மிதக்கும் எண்ணெய் கடல் பக்கம் போகும். ஏறும்போது திரும்ப உள்ளே தள்ளும். அதனால் காலையில் ஒருத்தர் எடுத்த படத்தில் தண்ணீர் சுத்தமாகவும், மத்தியானம் இன்னொருத்தர் எடுத்த படத்தில் கறுப்பாகவும் இருக்கலாம். இரண்டும் அன்றைக்கே எடுத்தது, இரண்டும் உண்மை. யாராவது சுத்தமான படத்தைக் காட்டி "எல்லாம் சரியாயிடுச்சு"ன்னா, அவர் பொய் சொல்றார்னு கத்த வேண்டியதில்ல. எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு கேக்கணும்.

தண்ணீர் மாறினாலும் மாறாதது ஒன்று உண்டு. செடியின் வேரிலும் படகின் பக்கத்திலும் பதிந்த கறுப்புக் கோடு. அது எண்ணெய் எவ்வளவு உயரம் வரை வந்தது என்று காட்டும். சித்தப்பாவின் ஆடிப்போன பன்னிரண்டு செகண்டில் இருந்தது அந்தக் கோடுதான். வாளி வீடியோவில் இருந்தது தெளிவு. ஆதாரம் இருந்தது சித்தப்பாகிட்ட.

அதனால ஒரே இடத்துல நின்னு, தினமும் ஒரே நேரத்துல இல்ல, தண்ணி ஏறின நேரத்துல ஒண்ணு, இறங்கின நேரத்துல ஒண்ணுன்னு எடுக்கச் சொன்னோம். ஒரு வீடியோ அதிர்ச்சி தரும். பத்து நாள் வரிசையா எடுத்தது, எண்ணெய் குறையுதா இல்லையான்னு சொல்லும்.

கேமராவுக்கு மூக்கு கிடையாது

அதே மாசம் டிசம்பர் 26 ராத்திரி. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் அம்மோனியா குழாயில் கசிவு. மக்கள் மூச்சு முட்டி, கண் எரிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் ரோட்டுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

எங்க குரூப்புல அன்னிக்கு ராத்திரி வந்த வீடியோக்களை இப்பவும் வெச்சிருக்கேன். இருட்டு. ஆளுங்க ஓடுறாங்க. மூக்கைப் பொத்திருக்காங்க. வேற ஒண்ணும் தெரியாது. அம்மோனியாவைப் படம் எடுக்க முடியாது.

ஆனா அன்னிக்கு வந்த எழுத்து மெசேஜ்களையும் வாய்ஸ்களையும் வரிசையா வெச்சுப் பார்த்தா வேற ஒண்ணு தெரிஞ்சது. முதல் "நாத்தம் அடிக்குது, கண்ணு எரியுது" எந்தத் தெருவுலேர்ந்து எத்தனை மணிக்கு, அடுத்தது எங்கேர்ந்து, எத்தனை நிமிஷம் கழிச்சு. காற்று கடலிலிருந்து ஊருக்குள் போன பாதை அந்த மெசேஜ்களின் நேரத்திலேயே இருந்தது. யாரும் செய்தி எழுதணும்னு எழுதல. பயத்துல எழுதினது. ஆனா ஒவ்வொண்ணுலயும் நேரம் தானா பதிஞ்சிருந்தது.

இதை முன்னாடியே யோசிச்சுப் பண்ணவங்க கடலூர்ல இருக்காங்க. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருந்த கிராமத்து ஆட்கள், 2004 வாக்கில், நாற்றத்துக்கு ஒரு கணக்கு எழுத ஆரம்பித்தார்கள். என்ன மாதிரி வாசனை, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, உடம்புக்கு என்ன செய்தது. அதோடு ஒரு வாளியும் வைத்திருந்தார்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளி, இறுக்கமான மூடி, உள்ளே ஒரு தனி வகைப் பை. வாளியிலிருந்து காற்றை உறிஞ்சினால் உள்ளே இருக்கும் பை விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். அந்தப் பையை மூடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். காற்றில் என்னென்ன ரசாயனங்கள் இருக்கின்றன என்று அங்கிருந்து பட்டியல் வந்தது. "நாறுது" என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர், அதற்குப் பிறகு ரசாயனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டது.

இந்த இரண்டு வாளிகளையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எர்ணாவூர் வாளி படமாக மட்டும் சுற்றியது. கடலூர் வாளி அளவாக மாறியது. படம் "ஏதோ நடந்தது" என்று சொல்லும். என்ன பொருள், எவ்வளவு, யாருடையது என்பதைப் படம் சொல்லாது. கழிமுகத்து எண்ணெய் எந்த ஆலையுடையது என்று சித்தப்பா வீடியோ ஒருநாளும் நிரூபிக்காது. அதற்கு மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கணும். எண்ணூர் அம்மோனியாவிலும் அப்படித்தான். ஆலை வாசலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்க வேண்டியது 2,090 இருந்தது என்ற எண், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவியிலிருந்துதான் வந்தது. எந்தத் தெருவுக்கு எப்போது போனது என்பது மக்களிடமிருந்து வந்தது. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று இல்லை.

டெலீட் பண்ணாதீங்க

இப்போ அந்த இரண்டாவது தப்பு. பழைய வீடியோவை நான் டெலீட் பண்ணிட்டேன்னு சொன்னேன் இல்லையா. என் குரூப்புல அது போச்சு. ஆனா அதைப் பார்த்தவங்களுக்கு அது பழசுன்னு யாரும் சொல்லல. எங்கிருந்து வந்ததுங்கிற தடயத்தையும் நானே அழிச்சிட்டேன். இப்போ எங்க வழக்கம் வேற. தப்பான பதிவை எடுக்கறதில்ல. அதுக்கே ரிப்ளை போட்டு, "இது 2017 எர்ணாவூர், 2023 இல்லை. கண்டுபிடிச்சது எப்படின்னா..." என்று எழுதி, எந்தெந்த குரூப்புக்கு நான் அனுப்பினேனோ அந்த எல்லா குரூப்புக்கும் அதே திருத்தத்தை அனுப்பணும். சும்மா "ஃபேக்"னு ஒரு வார்த்தை போட்டா, அது நிஜமா நடந்த 2017-ஐயும் பொய்யாக்கிடும். அந்த வீடியோ பொய் இல்ல. அதோட தேதிதான் பொய்.

சொந்தமா எடுத்ததை போன்லேர்ந்து அழிக்கவே கூடாது. இதுக்கு சட்டக் காரணமும் இருக்கு. 2024 ஜூலை 1 முதல் இந்திய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்தது. அதில் 63-வது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்க ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று சொல்வார்களே, அதன் புதிய வடிவம். இதில் ஃபைலின் ஹேஷ் எண்ணையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு சின்ன மாற்றம் நடந்தாலும் எண் முழுக்க மாறிவிடும். வாட்ஸ்அப்பில் சுருங்கிய வீடியோவின் ஹேஷும் போனில் இருக்கும் மூல வீடியோவின் ஹேஷும் ஒன்றாக இருக்காது. பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்கு அப்படியே கட்டுப்பட்டதல்ல. அங்கே கொஞ்சம் தளர்வு உண்டு. ஆனாலும் "மூலம் எங்கே"ன்னு கேக்கும்போது, எடுத்தவர் கையில அந்த போன் இருக்கிறதுதான் பதில்.

எடுத்தவர்னு சொன்னேன். இங்கதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம் வருது. எங்க பக்கத்துல ஒரே வீட்டுல அண்ணன் கடலுக்குப் போவார், தம்பி ஏதாவது ஒரு ஆலையில கான்ட்ராக்ட் வேலை பார்ப்பார். ஒரு நாள் ஒரு அண்ணன் ஆலைக்கு வெளியேர்ந்து எடுத்த நல்ல வீடியோ அனுப்பினார். பத்து நிமிஷம் கழிச்சு போன். "டேய், என் வாய்ஸ் வருது அதுல. எடுத்துடுடா. கேட்டுல பாஸ் போயிடும்." நான் இன்னும் எங்கேயும் அனுப்பலை, அதனால பிரச்சினை இல்லாம போச்சு. பார்க்கிறவரே படைக்கிறவர் என்று சொல்வது புத்தகத்தில் அழகாக இருக்கிறது. இங்கே அவரேதான் பாதிக்கப்பட்டவர், அவரேதான் அந்த ஆலைச் சம்பளத்தில் சாப்பிடுபவர். செய்தியாளருக்கு இருக்கும் அடையாள அட்டையோ, பின்னால் நிற்கும் நிறுவனமோ, வக்கீலோ அவருக்குக் கிடையாது.

அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம். எடுத்தவரைக் கேட்காமல் குரூப்பை விட்டு வெளியே எதுவும் போகாது. குரல், முகம் வேண்டாமென்றால், பொதுவில் போடும் பிரதியில் மட்டும் எடுப்போம். மூலத்தைத் தொட மாட்டோம். சித்தப்பா வீடியோவை ஒரு டிவி சேனல் எடுத்துப் போட்டப்போ, "சமூக வலைதளத்திலிருந்து"ன்னு கீழே போட்டாங்க. சித்தப்பா அதைப் பார்த்துட்டு, "அது யாருடா, எனக்குத் தெரியாம?"ன்னு கேட்டார். சிரிச்சிட்டோம். ஆனா நியாயமான கேள்விதான்.

கடைசியா

சித்தப்பா விஷயம் என்னாச்சுன்னு கேப்பீங்க. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. படகுக்கான பட்டியல் எடுக்க ஆள் வந்தப்போ, சித்தப்பாகிட்ட ஒரு புது வீடியோ இருந்தது. முதல்ல புகைபோக்கி, அப்புறம் மெதுவா இறங்கி படகு, பதிவு எண், கறுப்புக் கோடு, பக்கத்துல துடுப்பு. "காட்டுக்குப்பம், காலையில ஆறரை மணி"ன்னு அவர் குரல். இந்தத் தடவை யாரும் பழசுன்னு சொல்லல. படகு பட்டியலில் ஏறியது. வலைக்கு அவர் கணக்குப் போட்ட நஷ்டம் அதை விட அதிகம், அது வரல. வீடியோவால அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியல.

எர்ணாவூர் அக்கா இப்போ குரூப்புல அட்மின். நான் எதைப் போட்டாலும் முதல்ல அவங்களுக்குத் தனியா அனுப்பி, "அக்கா, இது எங்க?"ன்னு கேட்டுட்டுத்தான் போடுவேன். பாதி நேரம் பதில் வர லேட்டாகும், மீன் வாங்கப் போயிருப்பாங்க. வெயிட் பண்றேன்.

உங்க தெரு குரூப்புலயும் இப்படி ஒரு பழைய வீடியோ சுத்தியிருந்தா, அது பழசுன்னு யாரு, எதைப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்கன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதுல சிலதைப் போடுறோம். ஐஸ் வண்டி எல்லாம் போயாச்சு, நானும் கீழே இறங்கறேன்.